வ்நேத்ன

வயதானவர்களுக்குப் போன் என்றால் பயம், பட்டனைத் தொட்டால் வெடித்துவிடும் என்று நினைப்பார்கள் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறோம். என் மாமனார் தமிழில் முதல் மெசேஜ் அனுப்பிய கதையைக் கிட்டே இருந்து பார்த்த பிறகு இந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவருக்குப் பயமே கிடையாது. அவருக்கு டைப்பிங் நன்றாகத் தெரியும் என்பதுதான் பிரச்னையே.

மாமா ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ரிட்டயர் ஆனவர். பிரமோஷன் வந்தால் கூடவே டிரான்ஸ்ஃபரும் வரும், மேற்கு மாம்பலத்தை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று வேண்டாமென எழுதிக் கொடுத்துவிட்டார். கையால் எழுதும் லெட்ஜரில் ஆரம்பித்து, அப்புறம் கிளைக்கு வந்த ஏ.எல்.பி.எம். என்கிற லெட்ஜர் போஸ்டிங் மெஷினில் உட்கார்ந்து, கடைசி சில வருடங்களில் கோர் பேங்கிங் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். நான் விசைப்பலகையைத் தொடுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அவர் விசையைத் தட்டிச் சம்பளம் வாங்கியவர். ஆனால் அத்தனையும் ஆங்கிலம். தமிழில் தட்டியது வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். எதற்கும் இருக்கட்டும் என்று தமிழில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணி வைத்திருந்தார். வங்கியில் அதைக் கேட்பார் இல்லை.

பழைய கிளை நண்பர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். காலையில் முருகன், மத்தியானம் மூட்டு வலிக்கு வைத்தியம், ராத்திரி பென்ஷன் ரிவிஷன். மாமா அதில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. ஒரு நாள் யாரோ எண்பதுகளில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றைப் போட்டு, ‘இதில் இவன் மட்டும் எங்கே காணோம்?’ என்று மாமாவை இழுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு கட்டை விரல் போதாது. பதில் எழுதியாக வேண்டும்.

முதலில் பேத்திதான் உதவிக்கு வந்தாள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுமே, அந்த முறையைப் போட்டுக் கொடுத்தாள். nandri என்று அடித்தால் நன்றி வந்துவிடும், சரி. ஆனால் மாமா palam என்று அடித்துவிட்டுப் பழத்துக்காகக் காத்திருந்தார், பலம்தான் வந்தது. ழகரத்துக்கு zh போட வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தராமலே பழகிவிட்ட விஷயம். அவருக்கு அது எங்கோ போட்ட ஒப்பந்தம். ‘ன, ண, ந மூணுக்கும் ஒரே n-ஆ? அப்புறம் மேல வர்ற பட்டியலைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கணுமா? தமிழ் எழுதறதுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எதுக்கு மாப்பிள்ளை?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பத்து வருடம் ‘saptiya’ என்றே எழுதிப் பழகிய கைகளுக்கு அந்த முறை சுலபம். சிலேட்டில் அ எழுதி, தாளில் ஒரு பக்கம் கூட ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதாதவருக்கு அது சுற்று வழி. ஆனாலும் வீட்டுக்கு வீடு பெரியவர்களுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறோம், நமக்கு அதுதான் தெரியும் என்பதால்.

வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளுமே என்று என் மனைவி மைக்கைக் காட்டினாள். டிவி சத்தத்துக்கு நடுவில் அதுவும் கொஞ்ச நேரம்தான் ஓடியது. அது போக, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி நண்பனுக்குக் கடிதம் எழுத யாருக்குத்தான் பிடிக்கும்?

விசைப்பலகையை அவரே கண்டுபிடித்தார். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருக்கிறார். மொழிப் பட்டியல் வந்திருக்கிறது. ‘தமிழ்’ என்று இருந்ததைத் தொட்டிருக்கிறார். க, ங, ச எல்லாம் முகம் காட்டியது. கால், கொம்பு, புள்ளி தனித்தனி விசையாக. ஐம்பது வருடத்துக்கு முன்பு பாஸ் பண்ணிய ஹையர் விரலில் எழுந்து வந்துவிட்டது. ஒரு விரலால்தான் அடித்தார், ஆனால் விசைகளைத் தவிர, மேலே விழும் எழுத்தைப் பார்க்கவே இல்லை. டைப்பிஸ்ட் தாளைப் பார்ப்பானா என்ன? அடித்து முடித்து அம்பைத் தொட்டு அனுப்பியும் விட்டார்.

குரூப்பில் விழுந்தது என்ன மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. நடுநடுவே புள்ளி புள்ளியாக வட்டங்கள். ஒருவர் ‘போன் ஹேக் ஆயிடுச்சா?’ என்று கேட்டார். இன்னொருவர் எதையும் தொட வேண்டாம், லிங்க் எதுவும் திறக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் எச்சரிக்கை போட்டார். வங்கிக்காரர்கள் அல்லவா.

பெரம்பூரில் இருக்கும் பழைய கேஷியர் ஒருவர் மட்டும் போன் செய்தார். அவரும் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர். அந்த மெசேஜில் ‘வ்நேத்ன’ என்று ஒரு சொல் இருந்தது. ‘டேய், இது வந்தேன்தானே? மெஷின்ல அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கே’ என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். தமிழ் டைப்ரைட்டரில் புள்ளி விசையை அடித்தால் வண்டி நகராது. தாளில் புள்ளி விழும், தாள் அதே இடத்தில் நிற்கும், அடுத்து அடிக்கிற எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். ஆகவே ‘ந்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளி, பிறகு ந. கொம்பும் அப்படியே. எழுத்துக்கு இடது பக்கம் நிற்பது என்பதால் முதலில் ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ, பிறகுதான் த. கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் கை அடிக்கும் வரிசை. போன் அப்படி இல்லை. அது யூனிகோட் முறையில் எழுத்தை வைத்துக்கொள்கிறது. அங்கே வரிசை வாய் சொல்லும் வரிசை: முதலில் எழுத்து, அதன் பின்னால் அதைச் சேரும் குறி. ‘தே’ என்பது உள்ளே த, பிறகு இரட்டைக் கொம்பு. திரையில் காட்டும்போதுதான் கொம்பை இடப் பக்கம் தூக்கி வைக்கிறது.

இப்போது ‘வந்தேன்’ சொல்லை மாமா அடித்த வரிசையில் பாருங்கள். வ, புள்ளி, ந, இரட்டைக் கொம்பு, த, புள்ளி, ன. டைப்ரைட்டரில் இது சுத்தமான வந்தேன். போனில் ஒவ்வொரு குறியும் தனக்கு முன்னால் வந்த எழுத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். முதல் புள்ளி வகரத்தின் தலையில், கொம்பு நகரத்தின் பக்கத்தில், அடுத்த புள்ளி தகரத்தின் மேல். வ்நேத்ன. சொல்லின் முதல் எழுத்துக்கே கொம்பு வேண்டியிருந்தால் அது பிடித்துக்கொள்ள எழுத்தே இல்லை. அப்போது திரை கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டு, ‘இங்கே எழுத்து எங்கே?’ என்று காட்டும். அந்த வட்டம் தெரிந்தாலே வரிசை மாறியிருக்கிறது என்று அர்த்தம். வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை.

மாமா இதை எனக்கு வங்கிக் கணக்கில் விளக்கினார். நாள் முடிவில் டேலி ஆகவில்லை, வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, யாரோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதை. 79-க்கு 97 எழுதினால் வித்தியாசம் 18. ‘எல்லா நம்பரும் சரியாத்தான் இருக்கும், இடம்தான் தப்பு. அதே கேஸ்தான் இது’ என்றார். ஒரு டெக்னீஷியனும் எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டான்.

டைப்ரைட்டர் வரிசையையே ஏற்றுக்கொண்டு உள்ளுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ளும் விசைப்பலகைகள் கணினிக்கு உண்டு. அப்படி ஒன்றைப் போனில் தேடித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். ‘எழுத்து முதல்ல, குறி பின்னால. அவ்வளவுதானே?’ அன்று சாயந்திரமே வரிசையைப் பிடித்துவிட்டார். கொம்பை மட்டும் விரல் இன்னமும் சில சமயம் முந்திக்கொண்டு தேடுகிறது. அவருக்குப் பிடித்தது அழிக்கும் விசை. ‘தே’ அடித்து ஒரு தரம் அழித்தால் கொம்பு மட்டும் போய் த நிற்கிறது. மெஷினில் ரப்பரால் தேய்த்து ஓட்டை போட்ட காலத்தை நினைத்து அதையே இரண்டு மூன்று தரம் செய்து பார்த்தார்.

ஒரே ஒரு இடத்தில் நான் குறுக்கிட வேண்டியிருந்தது. எகரத்தைத் தேடியவர் எங்கிருந்தோ ௭ என்பதை எடுத்துப் போட்டிருந்தார். பார்வைக்கு எகரம் மாதிரியே இருக்கும், ஆனால் அது தமிழ் எண் ஏழு. முகநூலிலும் நிறையப் பேர் ‘௭ன்ன’ என்று இப்படித்தான் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ‘என்ன’ என்று தேடினால் அந்த வரி அகப்படாது. இதைச் சொன்னதும் மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏழு எல்லாவற்றையும் எகரமாகத் திருத்தினார். இனிஷியல் போடாததுதான் பாக்கி.

ஆகவே என் கருத்து: பெரியவர் கையில் போனைக் கொடுக்கும்போது ‘இப்படி அடிங்க’ என்று நம் வழியைத் திணிக்க வேண்டாம். முன்பு எதில் எழுதினீர்கள், எப்படி எழுதினீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். டைப்ரைட்டர் படித்தவரா? அவருக்கு நேரடித் தமிழ் விசைப்பலகையைப் போட்டு, வரிசை ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பேனாவைத் தவிர வேறு எதையும் தொடாதவரா? விரலால் திரையில் எழுதினால் எழுத்தாகும் வசதி கூகுள் விசைப்பலகையிலேயே இருக்கிறது, அதைக் காட்டுங்கள். நாலு தடவை தப்பாகப் போனால் ‘உங்களுக்கு வராதுப்பா’ என்று போனைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம்.

மறுநாள் காலையில் முருகனுக்கும் மூட்டு வலிக்கும் நடுவில் மாமாவின் மெசேஜ் போனது. அவர் அனுமதியோடு அப்படியே தருகிறேன்.

‘அன்பு நண்பர்களுக்கு. நேற்று வந்தது வைரஸ் அல்ல, நான்தான். அந்தப் படம் எடுத்த அன்று நான் தாமதமாக வந்தேன். கீழே சேவிங்ஸ் லெட்ஜரில் 18 ரூபாய் டேலி ஆகவில்லை. 79 ரூபாயை 97 என்று போஸ்ட் செய்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டு மாடி ஏறுவதற்குள் போட்டோகிராபர் பெட்டியைக் கட்டிவிட்டார். எனக்கு ஒரு போண்டா மட்டும் எடுத்து வைத்திருந்தீர்கள்.’

கட்டை விரல்கள் குவிந்தன. பெரம்பூர்க்காரர் ‘பாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ்’ என்று போட்டார். அது முடிந்து ஒரு வாரமாகிறது. அந்த 97-ஐ போஸ்ட் செய்தது யார் என்கிற பஞ்சாயத்து மட்டும் குரூப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தேகத்துக்குரிய இரண்டு பேரும் இப்போது குரல் பதிவாக அனுப்பி மறுத்துக்கொண்டிருக்கிறார்கள். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்கிறார் மாமா.