அஞ்சலிப் படத்தில் தொப்பி எடுக்கும் வேலை: முடிக்கு முன்னால் நெற்றியைப் பாருங்கள்

வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் கைக்குக் கிடைக்கும் நல்ல படம் பல நேரம் டூரில் எடுத்ததாக இருக்கிறது. முகம் பளிச்சென்று இருக்கும், தலையில் கேப் இருக்கும். "தொப்பியை எடுத்துட்டு ஃபிரேம் போட்டுக் குடுங்க" என்று ஸ்டூடியோவுக்கு வரும். அவசரத்தில் ரெடிமேட் முடி ஒன்றைத் தொப்பி இருந்த இடத்தில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். காரியத்தன்று மாலை போட்ட பிறகு "அப்பா மாதிரியே இல்லையே" என்று பிள்ளைகள் முகம் வாடுவது அதனால்தான்.

அவருடைய முடி தெரியும் இன்னொரு படம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கல்யாண குரூப் போட்டோ, பழைய பாஸ்போர்ட் சைஸ், எது கிடைத்தாலும் சரி. மங்கலாக இருந்தாலும் முன்முடி எங்கே தொடங்குகிறது, வகிடு எந்தப் பக்கம், நரை எங்கே கூடியிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். செல்ஃபி என்றால் இடம் வலம் மாறியிருக்கலாம். சட்டைப் பையைப் பாருங்கள்: ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும், அதாவது நேரான படத்தில் நம் பார்வைக்கு வலப்பக்கம். மாறியிருந்தால் முதலில் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வகிடு தப்பும்.

அடுத்தது அளவு. தொப்பியின் விளிம்பு புருவத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். அந்த விளிம்பிலிருந்தே முடியைத் தொடங்கினால் நெற்றி குறுகி, தலையே சின்னதாகிவிடும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். நேராகப் பார்க்கும் முகத்தில் புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை 210 பிக்சல், அங்கிருந்து தாடை நுனி வரையும் 210 என்று வைத்துக்கொள்வோம். முன்முடியும் ஏறக்குறைய புருவத்துக்கு மேல் 210-இல் தொடங்கும். கண் புருவத்துக்கு 50 கீழே இருந்தால், கண்ணிலிருந்து தாடை வரை 370. மண்டையின் உச்சியும் கண்ணுக்கு மேல் சுமார் அதே 370. அதன்மேல் முடியின் உயரம் 30, 40 சேரும். இது சராசரிக் கணக்குதான். முன்வழுக்கை இருந்தவருக்கு முன்முடியை இன்னொரு படத்திலிருந்தே அளக்க வேண்டும். கேமரா கீழேயிருந்து எடுத்திருந்தால் நெற்றியும் உச்சியும் குறுகித் தெரியும், அதற்கேற்பக் குறையுங்கள்.

இனி நெற்றி. வெயிலில் எடுத்த படத்தில் கேப்பின் நிழல் கண் வரை விழுந்திருக்கும். தொப்பியை எடுத்துவிட்டு அந்த நிழலை விட்டுவைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று தெரியும். கர்வ்ஸ் லேயரில் நடு டோனைத் தூக்கி, மாஸ்க்கின் ஓரத்தை நிழல் விளிம்பின் மென்மைக்கு ஒத்துப்போகுமாறு மங்கலாக்குங்கள். வெளியிடத்து நிழலில் வானத்தின் நீலம் கலந்திருப்பதால் தூக்கிய பகுதி சாம்பல் பூத்துத் தெரியும். கலர் பேலன்ஸில் சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் கூட்டினால் தோல் நிறம் திரும்பும். கண்களையும் சேர்த்தே தூக்க வேண்டும்.

நெற்றித் தோலை விளிம்புக்குக் கீழே தெரியும் பட்டையிலிருந்தோ, தெளிவாக இருந்தால் அவருடைய இன்னொரு படத்திலிருந்தோ எடுங்கள். கன்னத்துத் தோலில் துவாரமும் தாடியும் வேறு மாதிரி இருக்கும். புதிய நெற்றி முழுக்க ஒரே நிறமாக இருந்தால் அட்டை ஒட்டியதுபோலத் தெரியும். நெற்றியின் இரு ஓரத்துப் பொட்டுப் பக்கம் போகப்போக இருட்டு கூட வேண்டும். நெற்றிக் கோடுகளை மழுங்கடிக்காதீர்கள், அவை அவருடையவை.

முடியைக் கடைசியில் வையுங்கள். பின்னணியை முதலில் நிரப்பி, மேலே நெற்றி, அதன்மேல் முடியின் மொத்தம், கடைசியாக முன்விளிம்பு இழைகள் என்று தனித்தனி லேயர். நிறத்துக்குத் தொப்பிக்கு வெளியே தெரியும் கிருதாவே அளவுகோல், நரைக் கலப்பும் அங்கிருந்தே. முன்விளிம்பை 1 முதல் 3 பிக்சல் பிரஷ்ஷில், நீளமும் திசையும் மாற்றி மாற்றி, அடர்த்தி குறைத்து இழுங்கள். இழைகளுக்கடியில் மெல்லிய நிழல் ஒன்று மல்டிப்ளையில் போடாவிட்டால் முடி நெற்றியில் உட்காராது, மிதக்கும்.

ஹெல்மெட் படம் இதைவிடக் கடினம். காது, கிருதா இரண்டும் மறைந்திருக்கும், உள்பஞ்சு கன்னத்தை நெருக்கி முகத்தின் வடிவத்தையே மாற்றியிருக்கும். வேறு படம் எதுவாவது இருந்தால் அதையே பெரிதாக்கித் தரலாம் என்று வீட்டாரிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

திருநீறோ குங்குமமோ வைக்கச் சொன்னால், அவர் வழக்கமாக எப்படி இட்டுக்கொள்வார் என்று கேட்டுவிட்டு வையுங்கள். பிரிண்டுக்கு முன், வரைந்த பகுதியில் மூலப் படத்தின் அளவுக்கே நாய்ஸ் சேருங்கள். 12க்கு 18 பிரிண்டில் வழவழப்பான நெற்றி தூரத்திலிருந்தே தெரியும். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், தலை ஒரு பக்கம் சரிந்திருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.