பெயர் சொல்லவில்லை என்றால் இழிவு இல்லை என்று ஆகிவிடுமா?

கையால் சோப்பு செய்து விற்கும் சிலர் தங்கள் பதிவில் போட்ட அந்த சோப்புக் கேப்ஷனைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும்விட்டீர்கள். "நீல உறைக்காரர்களைப் போல நாங்கள் விஷத்தைக் கட்டியாக்கி விற்பதில்லை, எங்கள் சோப்பில் ரசாயனமே கிடையாது." பக்கத்தில் மங்கலாக்கப்பட்ட ஒரு நீல உறை. எந்த நிறுவனம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். இது சரியில்லை என்று பணிவாக ஒரு வரி எழுதினேன். வந்த பதில்: "நாங்கள் யார் பெயரையும் சொல்லவில்லையே? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

நான் நீல உறையில் விற்பவள் அல்ல. கேப்ஷன் எழுதியவர்களைப் போலவே, வேகவைக்காமல் குளிர்முறையில் கையால் சோப்பு செய்கிறவள். அதனால்தான் வலிக்கிறது.

பெயர் சொல்லாமல் இருப்பது ஒன்று, இழிவுபடுத்தாமல் இருப்பது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவதும் தானாக நடந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உறையின் நிறத்தைச் சொல்வது, படத்தை மங்கலாக்குவது, "எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய நிறுவனம்" என்று எழுதுவது, இவை எல்லாமே பெயர் சொல்வதுதான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்கிற கதை. "கடையில் விற்கும் சோப்புகள் எல்லாம்" என்று தொடங்கினால் இன்னும் மோசம். ஒருவரைக் குத்துவதற்குப் பதிலாக எல்லோரையும் குத்துகிறீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களின் விளம்பர வாசகங்களுக்கு 2013இல் வகுத்த பொது அளவுகோல்களில் நியாயம் என்பதும் ஒன்று. போட்டியாளரை இழிவுபடுத்தக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மூலப்பொருளையும் இழிவுபடுத்தக் கூடாது என்கிறது. பெயர் சொல்லாமலே அடுத்தவர் பொருளைக் கெடுக்கும் வழி மூலப்பொருளைப் பழிப்பதுதான் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"ரசாயனமே கிடையாது" என்பதற்கு வருகிறேன். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்தால்தான் சோப்புக் கட்டி உருவாகும். காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அவர்களும் அதைத்தான் கரைக்கிறார்கள், நானும் அதைத்தான் கரைக்கிறேன், கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு. சரியாக அளந்து செய்தால் முடிவில் அது கட்டியில் எஞ்சாது, உண்மை. ஆனால் அது இல்லாமல் சோப்பே இல்லை. அடுத்தவரை அடிக்க எடுத்த கோல் தன் முதுகிலும் விழும் என்பதைக்கூட யோசிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

"அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? எல்லோரும் நல்லவர்கள் என்று எழுதினால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்கப் போகிறீர்கள். ஒப்பிடுங்கள். வாங்குகிறவருக்கு ஒப்பீடு தேவை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விற்கிறவர்களை ஒப்பிடாதீர்கள், செய்முறையை ஒப்பிடுங்கள்.

இதே சோப்பை எடுத்துக்கொள்வோம். குளிர்முறையில் உண்மையிலேயே வேறுபாடு உண்டு. வினையில் உருவாகும் கிளிசரின் கட்டிக்குள்ளேயே தங்குகிறது; பெரிய அளவில் தயாரிக்கும்போது அதைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துவிடுவார்கள். எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு சோப்பாக மாறாமல் நிற்கும்படி காஸ்டிக் சோடாவைக் குறைத்து அளக்கிறோம். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காயவிடுகிறோம். சொல்வதற்கு இவ்வளவு இருக்கும்போது நீல உறை எதற்கு?

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "எங்கள் குளிர்முறைச் சோப்பில் தயாரிப்பின்போது உருவாகும் கிளிசரின் அப்படியே இருக்கிறது, சிறிதளவு எண்ணெயும் மாறாமல் நிற்கிறது. குளித்தபின் தோல் இழுத்துப் பிடிப்பதாக உணர்பவர்கள் முயன்று பார்க்கலாம். இயந்திரத்தில் அழுத்திய கட்டி இதைவிடக் கெட்டியானது, நீண்ட நாள் வரும். எங்களுடையது ஈரத்தில் கிடந்தால் குழைந்துவிடும். தண்ணீர் வடியும் தட்டில் வையுங்கள்."

இதில் ஒப்பீடு இல்லையா? இருக்கிறது. எதிர்த்தரப்பு ஒரு நிறுவனம் அல்ல, ஒரு செய்முறை. அதற்கு உள்ள நன்மையும் சொல்லப்பட்டிருக்கிறது. அழுத்திய கட்டியை விற்கிறவர் இதைப் படித்தால் மறுக்க எதுவும் இல்லை. அதைப் பயன்படுத்துகிறவருக்கும் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்த இரண்டாமவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் இழித்துப் பேசும் பொருள் இன்று காலை உங்கள் வாசகரின் குளியலறையில் இருந்தது.

கேப்ஷன் எழுதியதும் நான் ஒன்று செய்து பார்ப்பேன். அடுத்தவர் பொருளைப் பற்றிய சொற்களை எல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தைப் படிப்பேன். நான் மேலே எழுதியதில் அழுத்திய கட்டி பற்றிய வாக்கியத்தை எடுத்தாலும் என் சோப்பைப் பற்றி வாசகருக்கு நாலு விஷயம் தெரியும். அவர்கள் எழுதியதில் நீல உறையையும் விஷத்தையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது "ரசாயனமே கிடையாது" என்ற பொய் மட்டும்.

"உங்கள் குறையை நீங்களே சொன்னால் வியாபாரம் படுத்துவிடும்" என்கிறார்கள். குழையும் சோப்பை வாங்கி, காரணம் தெரியாமல் ஏமாந்ததாக நினைப்பவர் திரும்பி வர மாட்டார். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

"பெரிய நிறுவனங்களுக்கு நீங்கள் ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்?" என்றும் ஒருவர் கேட்டார். அவர்களுக்காக அல்ல. என்னிடம் வாங்குகிற ஒரு பெண்ணுக்காக. அவர் மகனுக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் உண்டு. தோல் மருத்துவர் ஒரு கட்டியைப் பரிந்துரைத்திருந்தார். அது எண்ணெயும் காரமும் சேர்ந்த சோப்பே அல்ல. வேறு வகைக் கழுவுபொருள்களால் செய்தது, பிஎச் அளவு தோலின் அளவை ஒட்டியிருக்கும். நம் சோப்பு, எவ்வளவு அன்போடு செய்தாலும், பிஎச் ஒன்பது பத்து என்ற கார அளவில்தான் இருக்கும். அது சோப்பின் இயல்பு, எந்த மூலிகையும் அதை மாற்றாது. இதே போன்ற ஒரு விஷக் கேப்ஷனைப் படித்துவிட்டு அந்தப் பெண் மருத்துவர் சொன்ன கட்டியை நிறுத்திவிட்டார். பிள்ளையின் முழங்கை மடிப்பு புண்ணாகிவிட்டது. பிறகு என்னிடம் கேட்டார்: "இத்தனை நாள் நான் என் பிள்ளைக்கு விஷத்தையா தேய்த்தேன்?" இல்லை அம்மா, நீங்கள் சரியானதைத்தான் தேய்த்தீர்கள், அதற்கே திரும்பிப் போங்கள் என்றேன். என் சோப்பை அவருக்கு விற்கவில்லை.

இதைச் சொன்னால் "உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்பார்கள். ஆமாம், படுகிறேன். ஒரு தாயைக் குற்றவாளியாக உணரவைத்து ஒரு கட்டி சோப்பு விற்கிறார்கள். கையால் செய்கிற எங்கள் எல்லோருடைய உழைப்பையும் அந்தப் பொய்யோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். நாளை ஒருவர் "உங்கள் சோப்பிலும் காஸ்டிக் சோடா இருக்கிறதாமே" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் நான்.

எழுதியவர் இதைப் படிப்பார் என்று தெரியும். நேற்று அந்த நீல உறைப் படத்தை மட்டும் எடுத்துவிட்டீர்கள், பார்த்தேன். வாசகம் அப்படியே இருக்கிறது. விஷம் என்ற சொல்லையும் ரசாயனமே கிடையாது என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எத்தனை வாரம் காயவைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.