நெய்வேலியில் 22 ஆயிரம் பேர் எங்கே போனார்கள்?

கொஞ்ச நாளாக நம்ம கடலூர் மாவட்டக் குழுக்களில் "எங்க ஊர் காலியாகிக்கிட்டே வருது" என்று நிறைய பேர் எழுதுகிறீர்கள். பூட்டின வீடு, பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடம், பொங்கலுக்கு மட்டும் நிறையும் தெரு என்று படங்களும் வருகின்றன. ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஒரு ஊர் உண்மையிலேயே சுருங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அடுத்தடுத்த இரண்டு சென்சஸ் கணக்கை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும் என்பதும் சரியில்லை. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

நெய்வேலியையே எடுத்துக்கொள்கிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பின் மக்கள்தொகை 2001 சென்சஸில் 1,28,133. 2011இல் 1,05,731. பத்து வருஷத்தில் 22,402 பேர் குறைவு, அதாவது பதினேழரை சதவீதம். அதே பத்து வருஷத்தில் கடலூர் மாவட்டம் 22,85,395இலிருந்து 26,05,914 ஆக, 14 சதவீதம் வளர்ந்திருக்கிறது. வளர்கிற மாவட்டத்துக்கு நடுவில் ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் இவ்வளவு சரிவது சாதாரண விஷயமில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள், அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரி. அங்கேகூட சரிவு மூன்றரை சதவீதம்தான்.

நிஜமான இழப்பு 22,402ஐ விடப் பெரியது. யாருமே வராமல், யாருமே போகாமல் இருந்தாலும் ஓர் ஊரின் மக்கள்தொகை அப்படியே நிற்காது. பிறப்பு இறப்பை விட அதிகமாக இருந்தால் அது கூடும். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் இந்த இயற்கையான கூடுதல் சுமார் 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் நெய்வேலி 2011இல் ஏறக்குறைய 1,39,000க்கு மேல் வந்திருக்க வேண்டும். இருந்தது 1,05,731. வந்தவர்களைக் கழித்து, வெளியே போனவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 34 ஆயிரம். குவார்ட்டர்ஸ் ஊரில் முதியவர்களும் இளைஞர்களும் இருக்கும் விகிதம் மற்ற ஊர்களைப் போல இருக்காது என்பதால் இந்த 34 ஆயிரத்தைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கழித்தல் காட்டுவதை விட இழப்பு அதிகம் என்பதில் சந்தேகமில்லை.

என்னைக் கவலைப்படவைப்பது இதன் மறுபக்கம். 2001இல் 2,000 பேர் இருந்த ஒரு கிராமத்தில் 2011இல் 2,060 பேர் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் அது 3 சதவீதம் "வளர்ந்த" ஊர். ஆனால் இயற்கையாக 2,180 ஆகியிருக்க வேண்டிய ஊர் அது. 120 பேர் போய்விட்டார்கள், அதிலும் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதுக்காரர்களாகத்தான் இருப்பார்கள். விருத்தாசலம், திட்டக்குடி பக்கத்துக் கிராமப் பட்டியலைப் பார்ப்பவர்கள் மைனஸ் குறியை மட்டும் தேடுகிறார்கள். பிளஸ் 2, பிளஸ் 4 என்று இருக்கும் ஊர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. மைனஸ் வரும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறை தாமதம்.

சரி, மறுபடி நெய்வேலிக்கு வருவோம். போனவர்கள் எங்கே போனார்கள்? எங்கள் பெரியப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது விதி. அவர் சென்னைக்கும் போகவில்லை, சொந்த ஊருக்கும் போகவில்லை. ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகரில் வீடு கட்டிக் குடியேறினார். காய்கறி வாங்குவது அதே மார்க்கெட்டில், கோயில் அதே கோயில். ஆனால் சென்சஸ் ஏட்டில் நெய்வேலி ஒரு குடும்பத்தை இழந்தது, பக்கத்து வடக்குத்து ஒரு குடும்பத்தைப் பெற்றது, மாவட்டத்துக்கு ஒரு மாற்றமும் இல்லை.

அதனால் ஒரு நகரம் சுருங்குகிறது என்று சொல்வதற்கு முன்னால் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். டவுன்ஷிப் குறைந்து சுற்றுவட்டம் அதைவிட அதிகமாகக் கூடியிருந்தால், அது நகரம் வெளியே நகர்கிற கதை. இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தால்தான் உண்மையான சுருக்கம். புதுச்சேரியிலும் இதன் சாயல் உண்டு. 2001க்கும் 2011க்கும் இடையில் புதுச்சேரி நகராட்சி சுமார் பத்தரை சதவீதம் கூடியபோது, ஒட்டியிருக்கும் உழவர்கரை நகராட்சி 38 சதவீதத்துக்கு நெருக்கமாகக் கூடியது. யூனியன் பிரதேசம் முழுக்க 28 சதவீதம். ஆக, பழைய நகரப் பகுதியின் எடை வெளியே சரிந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் எல்லை. இரண்டு சென்சஸிலும் ஒரே நிலப்பரப்பைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பார்க்காமல் எழுதும் பதிவுகள்தான் அதிகம். கடலூர் மாவட்டமே 1993இல்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. 1991 சென்சஸில் நாம் தென்னார்க்காடு. பழைய புத்தகத்தில் தென்னார்க்காட்டின் மொத்த எண்ணை எடுத்து 2001 கடலூரோடு ஒப்பிட்டால் மாவட்டமே பாதியாகிவிட்டது போலத் தெரியும். இதற்காகவே சென்சஸ் துறை 1901 முதலான எண்களை இன்றைய எல்லைக்குத் திருத்தி வெளியிடுகிறது. ஏ-2 அட்டவணை என்பார்கள், மாவட்ட அளவுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும். கிராமத்துக்கும் பேரூராட்சிக்கும் அந்த வசதி கிடையாது. அங்கே கிராமக் குறியீட்டை வைத்து ஒவ்வொன்றாக நாமே பொருத்த வேண்டும். கடலூர் 2021இல் மாநகராட்சியாகியிருக்கிறது. அதன் எல்லை எப்போது விரிந்தாலும், பழைய எண்ணோடு சேர்க்கப்பட்ட ஊர்களின் பழைய எண்களையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. அது குடும்பங்களின் எண்ணிக்கை. சென்சஸின் முதன்மைச் சுருக்கம் என்று கிராம வாரியாக, வார்டு வாரியாக ஒரு அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மக்கள்தொகைக்குப் பக்கத்திலேயே குடும்பங்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு தெருவில் 100 வீடு, வீட்டுக்கு நாலரை பேர் என்றால் 450 பேர். பத்து வருஷம் கழித்து அதே 100 வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள், ஆனால் வீட்டுக்கு நாலு பேர். இப்போது 400. ஒரு வீடும் பூட்டப்படவில்லை, மக்கள்தொகை மட்டும் 11 சதவீதம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் குறைவாகப் பிறந்ததால் வந்த குறைவு அது. குடும்பங்களும் சேர்ந்து குறைந்திருந்தால் அது வேறு கதை. நெய்வேலியில் சில பிளாக்குகளில் மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். வரிசையாக நாலு வீட்டில் விளக்கு எரியும், ஐந்தாவது வீட்டின் கேட்டில் கொடி ஏறிப் பூத்திருக்கும், சுவருக்குப் பின்னால் மாங்காய் பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்து கிடக்கும். அந்த ஐந்தாவது வீடுகள் எத்தனை என்பதைச் சொல்வது குடும்பங்கள் கட்டம்தான். அதே அட்டவணையில் 0-6 வயதுக் குழந்தைகள் கட்டமும் உண்டு. 2011இல் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமாக அந்த வயதுக் குழந்தைகள் இருந்தார்கள். உங்கள் ஊரில் அது ஏழோ எட்டோ என்றால், இளம் தம்பதிகள் அங்கே தங்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

"பிறப்பு இறப்புப் பதிவேடு இருக்கிறதே, அதை வைத்தே யார் போனார் என்று கணக்குப் போடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நம் பகுதியில் அது நிச்சயம் காலை வாரிவிடும். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. பண்ருட்டியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் எத்தனை பெண்கள் பிரசவத்துக்கு ஜிப்மருக்குப் போகிறார்கள்! அந்தக் குழந்தைகள் எல்லாம் புதுச்சேரிக் கணக்கில் ஏறுகின்றன, தொட்டிலில் கிடப்பது கடலூர் மாவட்டத்தில். அந்தப் பதிவேட்டை நம்பினால் புதுச்சேரியில் பிறந்தவர்கள் பாதிப் பேர் ஓடிப்போனது போலவும், நம் கிராமங்களில் பிறக்காமலேயே பிள்ளைகள் முளைத்தது போலவும் கணக்கு வரும். அதனால்தான் இந்தத் துறைக்காரர்கள் வயதுவாரி அட்டவணைக்குப் போகிறார்கள். 2001இல் 10 முதல் 14 வயதில் இருந்த பிள்ளைகள் 2011இல் 20 முதல் 24 வயதில் இருக்க வேண்டும். அந்த வயதில் சாவு மிகக் குறைவு. ஆயிரம் பேர் இருந்த இடத்தில் எண்ணூறு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மீதிப் பேர் பெரும்பாலும் வெளியே போயிருக்கிறார்கள். பிறப்புப் பதிவேடே தேவையில்லை.

எண்ணிக்கை எடுக்கும் காலமும் கணக்கை மாற்றும். 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக வந்தார்கள். அது கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்பிப்போகும் காலம். அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர் அந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கும் இதே விதிதான். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் ஒரு வீட்டில் தகப்பனும் மூத்த மகனும் கணக்கில் இல்லாமல், அவர்கள் அனுப்பும் பணத்தில் மாடி எழும்பிக்கொண்டிருக்கும். அந்த ஊரைக் காலியாகும் ஊர் என்று எழுதுவது நியாயமில்லை.

பழைய சென்சஸே தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாகாலாந்தைப் பாருங்கள். 1991க்கும் 2001க்கும் இடையில் அங்கே 64 சதவீதம் வளர்ச்சி என்று காட்டியது. 2011இல் மாநிலமே லேசாகக் குறைந்தது, லாங்லெங் மாவட்டம் மட்டும் பாதிக்கு மேல் விழுந்தது. யாரும் மலையைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. 2001இல் கூட்டி எழுதப்பட்ட தலைகள் 2011இல் காணாமல் போயின, அவ்வளவுதான். முந்தைய பத்தாண்டில் நம்ப முடியாத ஏற்றம் இருந்தால் அடுத்த இறக்கத்தையும் நம்பக் கூடாது. ஒரே ஒரு பத்தாண்டு இறக்கத்தை வைத்து ஓர் ஊருக்கு முத்திரை குத்தக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஜப்பானில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை சென்சஸ். மக்கள் வற்றும் ஊர்களுக்கென்று 1970இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. பல பத்தாண்டுச் சரிவு, முதியவர் விகிதம், உள்ளாட்சியின் வருமான பலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே ஓர் ஊரை அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இடைவெளி 16 வருஷம். கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்ட தானே புயல் வந்தது 2011 டிசம்பரில், அதாவது போன சென்சஸ் முடிந்த பிறகு. பண்ருட்டியில் விழுந்த பலாவும் முந்திரியும், 2015 வெள்ளமும், கொரோனாவும் எந்தக் கணக்கிலும் இன்னும் ஏறவில்லை. எல்லாம் ஒரே மொத்த எண்ணாக வந்து விழப்போகிறது. அப்போது 16 வருஷச் சரிவைப் பழைய 10 வருஷச் சரிவோடு நேரடியாக ஒப்பிட்டுத் தலைப்புச் செய்தி போடுவார்கள். 16 வருஷத்தில் 8 சதவீதம் குறைவதும் 10 வருஷத்தில் 5 சதவீதம் குறைவதும் ஒன்றுதான், இரண்டுமே வருஷத்துக்கு அரை சதவீதம். வருஷக் கணக்காக மாற்றிய பிறகே பேச வேண்டும். நெய்வேலி 2001-2011இல் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1.9 சதவீதம் இறங்கியது. 2027 எண் வந்ததும் அது 1 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கிறதா, குடும்பங்கள் கட்டம் என்ன சொல்கிறது, வடக்குத்தும் கங்கைகொண்டானும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன். உங்கள் ஊரின் 2001, 2011 அட்டவணையை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பொருத்துவதில் சந்தேகம் வந்தால் கமெண்டில் ஊர்ப் பெயரைப் போடுங்கள்.