நெகட்டிவ் வந்தால் டெஸ்ட் தப்பா?

“மூன்று வைண்டிங் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு இம்பீடன்ஸ் நெகட்டிவாக வந்தால் டெஸ்ட் தப்பு, மறுபடி எடுக்கணும்.”

அப்படி இல்லை அண்ணாச்சி. சந்தேகப்படுவது சரிதான், ஆனால் சந்தேகப்பட வேண்டியது டெஸ்டை அல்ல, கணக்கை.

100 எம்விஏ, 230/110/11 கேவி என்று வைப்போம். 230 பக்கம் H, 110 பக்கம் M, 11 கேவி டெர்ஷரி L. டெர்ஷரி 30 எம்விஏ. ஒரு ஜோடிக்கு டெஸ்ட் எடுக்கும்போது மூன்றாவது வைண்டிங் திறந்திருக்கும். HM 10% (100 எம்விஏவில்), HL 9%, ML 5.7% (இரண்டும் 30 எம்விஏவில்). முதலில் எல்லாம் 100 எம்விஏ பேஸுக்கு வரணும்: 10, 30, 19. அப்புறம்தான்

```
H = (HM + HL − ML)/2 = 10.5
M = (HM + ML − HL)/2 = −0.5
L = (HL + ML − HM)/2 = 19.5
```

M + L = 19, டெஸ்டோடு ஒத்துப்போகிறது. நடுவில் சுற்றிய வைண்டிங்குக்கு இப்படி வருவது சகஜம். H, M, L மூன்றையும் கைகளாக வரையும் ஸ்டாரின் நடுப்புள்ளி டாங்கிக்குள் எங்கும் கிடையாது, கணக்குக்காக வரைந்தது. தனிக் கையில் கெபாசிட்டர் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பேஸ் மாற்றாமல் போட்டால் 6.65, 3.35, 2.35. எல்லாம் பாசிட்டிவ், பார்க்க அம்சமாக இருக்கும், ஆனால் தப்பு. 230 பக்கம் வலுவான சப்ளை என்றால் டெர்ஷரி ஃபால்ட் 333 எம்விஏ. இந்தக் கணக்கில் 1111 ஆகிவிடும். பிரேக்கரை வீணாகப் பெரிதாக வாங்குவீர்கள்.

கயத்தாறு காற்றாலை சப்ஸ்டேஷன் தம்பி கேட்ட எர்த் ஃபால்ட் வேறு கதை. மூன்று லிம்ப் கோர் என்றால் அந்தக் கணக்குக்கு வேண்டிய ஜீரோ சீக்வன்ஸ் இம்பீடன்ஸை தனியாக அளக்கணும். உங்கள் கோர் எது தம்பி?