70.375-க்கு என்ன கிரேடு?

ரிப்போர்ட் கார்டில் பி-2 என்று பார்த்ததும் பிள்ளையிடம் "எங்கே கோட்டை விட்டே?" என்று கேட்பதற்கு முன், அந்த பி-2 எப்படி வந்தது என்று பள்ளியிடம் கேளுங்கள். விடைத்தாளில் ஆசிரியர் போடுவது மதிப்பெண். கிரேடு என்பது அதற்குப் பிறகு நடக்கும் ஒரு கணக்கின் விடை. கணக்கின் விதி மாறினால், அதே விடைத்தாளுக்கு வேறு கிரேடு வரும்.

ஒரு மாணவியின் கணிதப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். யூனிட் டெஸ்டில் 40-க்கு 31. புராஜெக்டில் 20-க்கு 17. ஆண்டுத் தேர்வில் 80-க்கு 53. வீட்டில் நாம் என்ன செய்வோம்? மூன்றையும் கூட்டினால் 140-க்கு 101. அதாவது 72 சதவீதம் சொச்சம். 71 முதல் 80 வரை பி-1 என்று பள்ளி சொல்லியிருக்கிறது, ஆகவே பி-1 என்று முடிவு கட்டிவிடுவோம். கார்டில் வருவதோ பி-2. உடனே "மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்" என்று சந்தேகம் வருகிறது.

யாரும் குறைக்கவில்லை. நாம் வெயிட்டேஜை விட்டுவிட்டோம். இந்தப் பள்ளியில் யூனிட் டெஸ்டுக்கு 20, புராஜெக்டுக்கு 10, ஆண்டுத் தேர்வுக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் வாங்கிய மதிப்பெண்ணை அதன் முழு மதிப்பெண்ணால் வகுத்து, அதற்குரிய வெயிட்டேஜால் பெருக்க வேண்டும்:

31 ÷ 40 × 20 = 15.5
17 ÷ 20 × 10 = 8.5
53 ÷ 80 × 70 = 46.375

மொத்தம் 70.375. நாம் நேரடியாகக் கூட்டியபோது ஆண்டுத் தேர்வுக்கு 140-இல் 80, அதாவது சுமார் 57 சதவீதம் பங்குதான் இருந்தது. பள்ளிக் கணக்கில் அதற்கு 70 சதவீதம் பங்கு. அந்தப் பெண் குறைவாக எழுதியது அந்தத் தேர்வில்தான். அதனால்தான் மொத்தம் இறங்கியது.

இதுவரை விவகாரம் எதுவும் இல்லை. இனிமேல்தான் இருக்கிறது. 61 முதல் 70 வரை பி-2, 71 முதல் 80 வரை பி-1 என்று அட்டவணை சொல்கிறது. 70.375 எங்கே போகும்? 70-க்கும் 71-க்கும் நடுவில் இருப்பதைப் பற்றி அட்டவணை வாயே திறக்கவில்லை. ஆகவே யாரோ ஓரிடத்தில் ரவுண்ட் செய்தாக வேண்டும். கடைசியில் ஒருமுறை மட்டும் ரவுண்ட் செய்தால் 70, பி-2. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ரவுண்ட் செய்தால் 16, 9, 46; மொத்தம் 71, பி-1. பின்னம் எது வந்தாலும் மேலே ஏற்றுவது என்று வைத்தாலும் பி-1தான்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ரவுண்ட் செய்வது ஒரே ஒரு முறை, அதுவும் கடைசியில்தான் இருக்க வேண்டும். வரிக்கு வரி ரவுண்ட் செய்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் சும்மா ஏறும், இன்னொரு பிள்ளைக்கு அதே அளவு இறங்கும். இரண்டும் அவர்கள் எழுதியதற்குச் சம்பந்தமே இல்லாதவை. எந்த முறையாக இருந்தாலும் சரி, அது ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக ரவுண்ட் செய்வதுதான் மிகப் பெரிய அநியாயம்.

கணினியில் போடும்போது இன்னொரு தவறு நுழையும். கட்டத்தில் தசம இலக்கம் தெரியாதபடி வைத்துவிட்டால், உள்ளே 70.6 இருந்தாலும் திரையில் 71 என்றுதான் தெரியும். கிரேடு பார்க்கும் சூத்திரமோ உள்ளே இருக்கும் 70.6-ஐ எடுத்துக்கொண்டு, 71-ஐத் தொடவில்லை என்று பி-2 கொடுத்துவிடும். கார்டில் 71 என்ற மதிப்பெண்ணும் பக்கத்தில் பி-2-வும் அச்சாகியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மொத்தம் E5 கட்டத்தில் இருந்தால், கிரேடு பார்ப்பதற்கு முன் `=ROUND(E5,0)` என்று மதிப்பையே ரவுண்ட் செய்துவிட்டால் இந்தக் கோளாறு வராது.

மேலே சொன்னதெல்லாம் எல்லை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட முறைக்கு. இன்னொரு முறையில் எல்லையே தேர்வு முடிந்த பிறகுதான் பிறக்கும். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு கிரேடு இந்த வகை: ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ-1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ-2 என்று கடைசி வரை போவார்கள். 800 பேர் தேர்ச்சி என்றால் பங்குக்கு 100 பேர். ஆனால் 100-ஆம் இடத்தில் இருப்பவரும் அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேரும் ஒரே மதிப்பெண் என்றால் அவர்களைப் பிரிக்க முடியாது. ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே கிரேடு என்பதால் பங்கு சற்றுக் கூடும், அல்லது குறையும்.

இந்த முறையில் 90 வாங்கியும் ஏ-2 வரலாம், வேறொரு பாடத்தில் 84-க்கே ஏ-1 வரலாம். முந்தைய ஆண்டைவிட நான்கு மதிப்பெண் கூடியும் கிரேடு அசையாமல் இருக்கலாம், ஏனென்றால் எல்லோருக்குமே கூடியிருக்கும். இரண்டு பாடங்களின் கிரேடை ஒப்பிட்டு "இதில் உனக்கு அக்கறை இல்லை" என்று முடிவுகட்டுவது இங்கே தவறாகப் போகும். வினாத்தாள் எவ்வளவு கடினம், உடன் எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதெல்லாம் அந்த எழுத்துக்குள் கலந்திருக்கிறது.

கிரேடுகளுக்குப் புள்ளி கொடுத்து சராசரி எடுக்கும்போதும் கவனம் வேண்டும். 91-இலிருந்து 100 வரை 10 புள்ளி, 81-இலிருந்து 90 வரை 9 புள்ளி என்று வையுங்கள். ஒரு பையன் ஐந்து பாடத்திலும் 91 வாங்கினால் மொத்தம் 455, சராசரி 10. இன்னொருவன் இரண்டு பாடத்தில் 99, மூன்றில் 90 வாங்கினால் மொத்தம் 468, ஆனால் சராசரி 9.4. பதின்மூன்று மதிப்பெண் அதிகம் எடுத்தவன் புள்ளியில் பின்னால் நிற்கிறான். கிரேடாக மாற்றும்போது உள்ளே இருந்த வித்தியாசம் அழிந்துவிடுகிறது. பிறகு எந்த எண்ணால் பெருக்கினாலும் பழைய மதிப்பெண் திரும்பி வராது. அதனால்தான் கார்டில் கிரேடோடு மூல மதிப்பெண்ணும் கட்டாயம் அச்சாக வேண்டும் என்கிறேன். ஓர் எழுத்தை மட்டும் கையில் கொடுத்தால் பெற்றோரால் எதையும் சரிபார்க்க முடியாது.

மறுகூட்டலுக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன், ரவுண்ட் செய்யாத மொத்தத்தை இரண்டு தசமம் வரை தரச் சொல்லிக் கேளுங்கள். வெயிட்டேஜையும், விடுப்பு எடுத்த டெஸ்டுக்குப் பூஜ்யம் போட்டார்களா அல்லது கணக்கிலிருந்தே விலக்கினார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நம் மாணவிக்குக் கடைசியில் ஒருமுறை ரவுண்ட் செய்து 71 வர, மொத்தம் 70.5-ஐத் தொட வேண்டும், குறைவது 0.125. ஆண்டுத் தேர்வில் ஒரு மதிப்பெண் என்பது இறுதிக் கணக்கில் 0.875. அந்தத் தாளில் திருத்தாமல் விட்ட ஒரு மதிப்பெண் விடை இருந்தால் மொத்தம் 71.25 ஆகி பி-1 வந்துவிடும். அவள் மொத்தம் 66 என்று இருந்திருந்தால், அதே ஒரு மதிப்பெண் கிடைத்தும் கிரேடு மாறியிருக்காது.