கிளிப் உடைஞ்ச கேபிளை வெடுக்குனு இழுக்காதீங்க!

வயிறு எரியுது. ரவுட்டரை இடம் மாத்தலாம்னு நெட்வொர்க் கேபிளைக் கழட்டப் போனா, அமுக்குறதுக்கு கிளிப்பே இல்லை! மொட்டையா முறிஞ்சு கிடக்கு. ஆனா பிளக் மட்டும் போர்ட்டைக் கவ்வின பிடியை விட மாட்டேங்குது.

கிளிப் மொத்தமா போயிருந்தா பிளக் தானா உருவிட்டு வந்திருக்கும். இங்க போனது பாதிதான். கிளிப்போட வேர் பிளக்கின் மூக்குப் பக்கம் இருக்கு. அதுக்குப் பின்னால தோள் மாதிரி அகலமா ஒரு படி. அதுதான் போர்ட் விளிம்புக்கு உள்பக்கம் மாட்டிக்கிற பூட்டு. நாம அமுக்குறது அதுக்கும் பின்னால நீட்டிட்டிருக்கிற ஒல்லி வாலை. வால் முறிஞ்சு போச்சு, தோள் உள்ளேயே மாட்டிட்டு நிக்குது.

"ஒரே இழு, வந்துடும்"னு சொல்றவங்களைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது. கேபிளை இழுத்தா உள்ளே இருக்கிற கம்பிதான் பிளக்கை விட்டு உருவும். பூட்டு அசையாது. போன தடவை ஒருத்தர் "நான் எடுத்துத் தர்றேன்"னு ஸ்குரூ டிரைவரை எதிர்ப்பக்கம் விட்டு நோண்டினார். அங்கதான் தங்கமுலாம் பூசின 8 மெல்லிய கம்பிகள் இருக்கு. ரெண்டு மடங்கி ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிச்சு. அதோட அந்த போர்ட்ல விளக்கே எரியலை.

இந்தத் தடவை யாரையும் கிட்ட விடலை. முதல்ல ரவுட்டரோட கரன்ட்டைப் பிடுங்கினேன். பக்கத்துல காலியா இருந்த போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பொன்னிறக் கம்பிகள் மேலே, கிளிப் நுழையற வெட்டு கீழே. சில ரவுட்டர்ல இது தலைகீழா இருக்கும், அதனால பார்க்காம கை வைக்கவே கூடாது. அப்புறம் பிளக்கை உள்ளே லேசாத் தள்ளிப் பிடிச்சேன். இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க! இழுக்க இழுக்க தோள் விளிம்புல இறுகும், உள்ளே தள்ளினாதான் அது தளரும். தள்ளின கையை விடாம, நுனி தட்டையான சின்ன ஸ்குரூ டிரைவரைக் கீழ் வெட்டு வழியா விட்டு, மிச்சமிருந்த துண்டை பிளக்கின் உடம்போட சேர்த்து அமுக்கினேன். அமுக்கினபடியே கேபிளைத் தொடாம பிளக்கின் உடம்பைப் பிடிச்சு நேரா இழுத்தேன். வந்துடுச்சு.

இது உடைஞ்சதுக்குக் காரணம், வயர் கட்டுக்குள்ள இருந்து கேபிளைப் பின்பக்கமா வெடுக்குனு உருவினவங்கதான். அப்படி உருவினா கிளிப் தூண்டில் முள் மாதிரி மத்த வயர்ல மாட்டி, மூக்குப் பக்கமா மடங்கி முறியும். கிளிப்பை மூடுற ரப்பர் உறை இருந்திருந்தா இந்தக் கூத்தே இல்லை!

இப்போ வீட்டுல அதே பிளக்கைத் திரும்பச் சொருகச் சொல்றாங்க. வால் இல்லாத பிளக்கைச் சொருகினா தோள் மறுபடியும் உள்ளே மாட்டிக்கும், அடுத்த தடவை கழட்ட திரும்ப இதே கூத்துதான். முடியவே முடியாது. அந்தப் பிளக்கை வெட்டி எறிஞ்சுட்டேன், புதுசு கிரிம்ப் பண்ணிட்டுதான் மாட்டுவேன்.