நீட்டுக்கு என்சிஇஆர்டி உயிரியல் புத்தகம் ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு

போலியா அசலா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எந்த வருடத்துப் புத்தகம் என்று பாருங்கள். அசல் புத்தகமாகவே இருந்தாலும் பழையதாக இருந்தால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

என்சிஇஆர்டி 2022-ல் பாடங்களைக் குறைத்தது. பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் 22 பாடங்கள் 19 ஆயின. பன்னிரண்டாம் வகுப்பில் 16 பாடங்கள் 13 ஆயின. பிறகு 2024 நீட் பாடத்திட்டத்திலிருந்தும் அந்தப் பாடங்கள் போய்விட்டன. ஆனால் பழைய பிரதிகள் இன்னும் விற்பனையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. வெறும் மறுபதிப்புக்கு ஐஎஸ்பிஎன் எண் மாற வேண்டியதில்லை என்பதால், அந்த எண்ணைப் போட்டுத் தேடினாலும் பழையது வந்து நிற்கலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். விற்பவரிடம் பொருளடக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் 11-ஆவது பாடம் ஒளிச்சேர்க்கை என்றால் புதியது. தாவரங்களில் கடத்தல் என்றால் பழையது, செரிமானப் பாடமும் அதில் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பூக்கும் தாவரங்களின் பாலினப்பெருக்கத்தில் தொடங்க வேண்டும். இதைக்கூட அனுப்பாத கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

புத்தகம் கைக்கு வந்ததும் போலியா என்று பார்க்கலாம். விலை அச்சடித்திருக்கும் பதிப்புரிமைப் பக்கத்திலேயே, என்சிஇஆர்டி நீர்க்குறி உள்ள 80 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டது என்று போட்டிருப்பார்கள். உள்ளே ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்தக் குறி தெரிய வேண்டும். போலிக்காரர்கள் அந்த வரியையும் சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுவார்கள், தாளில் குறி இருக்காது. மட்டமான தாளாக இருந்தால் பின்பக்க எழுத்தும் முன்னால் தெரியும்.

அடுத்து பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் சிறுநீரக நெஃப்ரான் படத்தைப் பாருங்கள். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாகங்களைக் குறிக்கும் சின்ன எழுத்துகள் சாம்பல் நிறத்தில் மங்கிப்போயிருக்கும். நீட்டில் படத்தைக் கொடுத்துப் பாகத்தைக் கேட்பார்கள். அந்த எழுத்தே தெரியவில்லை என்றால் பிள்ளை எதைப் படிக்கும்? சந்தேகம் வந்தால் ncert.nic.in தளத்தில் அதே பாடம் இலவச பிடிஎஃப்பாக இருக்கிறது, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயர் எழுதுவதும் அட்டை போடுவதும் சோதித்த பிறகு. பெயர் எழுதிய புத்தகத்தைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

போலி வாங்குகிற பெற்றோரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வகுப்பு தொடங்கும் நேரத்தில் ஊர்க் கடையில் கேட்டால் "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். கிடைப்பதைத்தானே வாங்குவார்கள்? என் கோபமெல்லாம் பதிப்பு வருடத்தைக்கூடப் போடாமல் புத்தகம் விற்க அனுமதிக்கிற தளங்கள் மேல்தான். சட்டைக்கு அளவு போடாமல் விற்கவிடுவார்களா?